நாற்பதா, பன்னிரண்டா?

மேசை மேல் மூன்று கொட்டேஷன்கள் இருக்கின்றன. கோவைக்காரர் லைசென்ஸுக்கு 9 லட்சம் கேட்கிறார். பெங்களூர்க்காரர் ஒரு ஆளுக்கு மாதம் 1,500 ரூபாய் என்கிறார், இருபது பேர் பயன்படுத்தலாம். சென்னைக்காரர் சாஃப்ட்வேர் இலவசம் என்று ஆரம்பித்து, உங்கள் வேலைக்கேற்ப அதை மாற்றித் தர 12 லட்சம் என்று முடிக்கிறார். வாங்கப்போவது திருப்பூரில் 120 தையல் மெஷின் ஓட்டும் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம். நூல் வாங்குவதிலிருந்து பெட்டி கட்டி அனுப்புவது வரை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க ஒரு ஈஆர்பி வேண்டும் என்று முதலாளி முடிவு செய்துவிட்டார். எது என்பதுதான் பாக்கி.

இந்த நிறுவனம் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட மாதிரி, விலைகளும் அப்படியே. ஆனால் இங்கே வரும் சிக்கல்கள் சாஃப்ட்வேர் வாங்குகிற எந்த அலுவலகத்திலும் வரக்கூடியவைதான்.

பொதுவாக நடப்பது என்ன? யாராவது ஒருவர் எக்செலைத் திறந்து இடப்பக்கம் விலை, வசதி, சப்போர்ட் என்று வரிசையாக எழுதுவார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வெயிட்டேஜ் போடுவார். மூன்று பேருக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, வெயிட்டேஜால் பெருக்கிக் கூட்டுவார். அதிகம் வந்தவருக்கு ஆர்டர். கணக்கு அவ்வளவுதான், பத்தாம் வகுப்பு கூட வேண்டாம். எக்செலில் ஒரு வரி போதும்:

```
=SUMPRODUCT($B$2:$B$6,C2:C6)/100
```

யோசனையும் புதிதல்ல. 1772-ல் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் தன் நண்பர் ஜோசப் ப்ரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தில், ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, சாதகங்களை ஒரு பக்கமும் பாதகங்களை மறுபக்கமும் எழுதி, சம எடை உள்ளவற்றை அடித்துக்கொண்டே வரும்படி சொல்லியிருக்கிறார். தகராறெல்லாம் அந்த 'எடை' எங்கிருந்து வருகிறது என்பதில்தான்.

எடைக்குப் போகும் முன் ஒரு சல்லடை வேண்டும். இ-இன்வாய்ஸ் போட முடியாத சாஃப்ட்வேர் இந்த நிறுவனத்துக்கு எவ்வளவு மலிவாக வந்தாலும் உதவாது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் அது கட்டாயம். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால், கணக்கில் யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்ற பதிவை அழிக்க முடியாதபடி வைத்திருக்கும் சாஃப்ட்வேரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறை. இவற்றுக்கு மார்க் போடக் கூடாது. இருக்கிறதா, இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி, இல்லையென்றால் அந்த ஆள் பட்டியலிலேயே இல்லை. மார்க் போட்டால் இரண்டு கெடுதல். மூவருக்கும் ஒரே மார்க் விழுந்து, உண்மையான வித்தியாசங்களுக்குப் போக வேண்டிய எடையைத் தின்றுவிடும். அதைவிட மோசம், இ-இன்வாய்ஸில் சைபர் வாங்கியவர் விலையில் பத்து வாங்கி அதை ஈடுகட்டிவிடுவார். கூட்டல் கணக்கின் பிறவிக் குணம் அது. ஒரு இடத்துப் பள்ளத்தை இன்னொரு இடத்து மேட்டால் நிரப்பிவிடும்.

நம் மூவரும் சல்லடையைத் தாண்டிவிட்டார்கள். வாய் வார்த்தையை நம்பாமல் அக்கவுண்டன்ட் ஒவ்வொருவரிடமும் ஒரு பில்லைப் போடச் சொல்லி, திருத்தச் சொல்லி, திருத்திய தடயத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்தார். மிஞ்சியது ஐந்து விஷயங்கள்: ஜாப்ஒர்க் கணக்கு, சப்போர்ட், பழகுவதற்கு எளிமை, செலவு, நாளைக்கு வேறு சாஃப்ட்வேருக்கு மாறினால் நம் தரவை முழுசாக எடுத்துக்கொண்டு போக முடியுமா என்பது.

முதலாளியிடம் வெயிட்டேஜ் கேட்டபோது யோசிக்காமல் சொன்னார்: செலவு 40, ஜாப்ஒர்க் 25, சப்போர்ட் 15, எளிமை 15, தரவு 5. கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. பணம் அவருடையது.

இங்கேதான் பெரும்பாலான அட்டவணைகள் கெடுகின்றன. "செலவு எவ்வளவு முக்கியம்?" என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. எந்தச் செலவு, எவ்வளவு வித்தியாசம் என்று தெரியாமல் முக்கியத்தை அளக்க முடியாது. மூன்று பேரும் ஒரே விலை சொன்னால், பணம் எவ்வளவு முக்கியமானாலும் இந்தத் தேர்வில் அதற்கு எடை சைபர். ஆகவே கேட்க வேண்டியது இந்த மூவரில் மோசமானவருக்கும் நல்லவருக்கும் நடுவில் உள்ள இடைவெளி நமக்கு எவ்வளவு பெறும் என்பது. முடிவெடுக்கும் கலையைப் படித்தவர்கள் இதை ஸ்விங் வெயிட்டிங் என்பார்கள். நாம் இடைவெளி எடை என்று வைத்துக்கொள்ளலாம்.

அதற்கு முதலில் இடைவெளி தெரிய வேண்டும். செலவிலிருந்து ஆரம்பிப்போம். அக்கவுண்டன்ட் மூன்று கொட்டேஷனையும் ஐந்து வருடத்துக்கு நீட்டிப் பார்த்தார். கோவைக்காரரின் 9 லட்சத்தோடு, இரண்டாம் ஆண்டிலிருந்து லைசென்ஸில் 18 சதவீதம் ஏஎம்சி, அதாவது நான்கு வருடத்துக்கு 6.48 லட்சம். சர்வரை நம் ஆபீஸிலேயே வைக்க வேண்டும், அதற்கும் பேக்கப்புக்கும் 3.5 லட்சம். பழைய தரவை ஏற்றவும் பயிற்சிக்கும் 1.5 லட்சம். மொத்தம் 20.5 லட்சத்துக்குச் சற்றே குறைவு. பெங்களூர்க்காரரின் மாதம் 30,000 ஐந்து வருடத்தில் 18 லட்சமாகிறது. ஆரம்ப வேலைகளும் மற்ற மெஷின்களோடு இணைப்பதும் சேர்ந்து 24 லட்சம். சென்னைக்காரரின் 12 லட்சத்தோடு கிளவுட் வாடகை 3, பராமரிப்பு 6, பயிற்சி 1 என்று 22 லட்சம்.

9 லட்சத்துக்கும் 12 லட்சத்துக்கும் மாத வாடகைக்கும் நடுவே மலையும் மடுவுமாகத் தெரிந்தது, கடைசியில் 20.5-லிருந்து 24 வரைக்குள் அடங்கிவிட்டது. ஐந்து வருடத்துக்கு மூன்றரை லட்சம், வருடத்துக்கு 70,000 ரூபாய். செலவு என்ற சொல்லுக்கு முதலாளி கொடுத்த 40 சதவீதம் உண்மையில் இந்த எழுபதாயிரத்துக்குக் கொடுத்தது.

அடுத்து ஜாப்ஒர்க். திருப்பூரில் துணி ஒரே கூரைக்குள் உருவாவதில்லை. நூல் நிட்டிங்குக்குப் போகும், துணியாகி டையிங்குக்குப் போகும், காம்பேக்டிங் போகும், பிறகுதான் கட்டிங். ஒவ்வொரு இடத்துக்கும் டிசி போட்டு அனுப்பி, குறைந்த எடையில் திரும்ப வாங்க வேண்டும். அந்தக் குறைவு நியாயமான பிராசஸ் லாஸா, வேறு ஏதாவதா என்பதில்தான் வருடாவருடம் பணம் கரைகிறது. ஆகவே மூன்று வெண்டர்களும் தாங்கள் தயாரித்து வைத்திருக்கும் டெமோவைக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போன சீசனில் முடிந்த ஒரு ஆர்டரின் காகிதங்களைக் கையில் கொடுத்து, இதைப் போட்டுக் காட்டுங்கள் என்றார்கள்.

அந்த ஆர்டரில் 1,000 கிலோ நூல் நிட்டிங் போய் 988 கிலோ துணியாக வந்திருந்தது. அதில் 600 கிலோ நேவி ப்ளூவுக்கு ஒரு டையிங்குக்கும், 388 கிலோ வேறு நிறத்துக்கு இன்னொரு டையிங்குக்கும் போனது. 600 கிலோ 552 ஆகத் திரும்பியது. அந்த 552-ல் 140 கிலோ ஷேடு மாறியிருந்ததால் மறுபடி சாயத்துக்குப் போனது. கடைசியில் கட்டிங் டேபிளுக்கு வந்த ஒவ்வொரு கிலோ நேவி ப்ளூவுக்கும் அடக்கம் எவ்வளவு, எங்கே எத்தனை கிலோ தொலைந்தது என்பதுதான் கேள்வி.

பெங்களூர்க்காரரின் சாஃப்ட்வேர் டையிங்காரரை ஒரு சப்ளையராகத்தான் பார்த்தது. துணியை அவருக்கு விற்று, திரும்ப வாங்கியதுபோல் காட்டியது. நடுவில் அந்த 600 கிலோ யாருடையது என்ற கேள்விக்கு ஸ்டாக் அறிக்கையில் பதில் இல்லை. கோவைக்காரருடையதில் மறு சாயம் உட்பட எல்லாம் அதே லாட்டின் கீழே வந்து விழுந்தது. இந்த ஊர் வேலைக்காகவே எழுதப்பட்டது அது. சென்னைக்காரருடையது அனுப்புவதையும் வாங்குவதையும் சரியாகப் பிடித்தது, ஆனால் அந்த 140 கிலோவுக்குப் புது டிசி போட்டு, பழைய லாட்டோடு கையால் கோர்க்க வேண்டியிருந்தது.

மூன்று பேர் மார்க் போட்டார்கள்: அக்கவுண்டன்ட், மெர்ச்சண்டைசர், ஃபேப்ரிக் இன்சார்ஜ். அளவுகோல் இப்படி. மூவரில் கடைசியில் இருப்பவருக்கு 0, முதலில் இருப்பவருக்கு 10, நடுவில் இருப்பவர் இருவருக்கும் இடையே எங்கே நிற்கிறார் என்பது மட்டும் கேள்வி. 0 என்றால் உதவாக்கரை என்று பொருளில்லை, இந்த மூவரில் கடைசி என்று மட்டும்தான். ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் தனித்தனித் தாளில் எழுத வேண்டும். சேர்ந்து உட்கார்ந்து பேசினால் மேலதிகாரியின் மார்க்தான் எல்லோருடைய மார்க்காகவும் வரும். ஜாப்ஒர்க்கில் சென்னைக்காரருக்கு அக்கவுண்டன்ட் 8 போட்டார், மெர்ச்சண்டைசர் 6, இன்சார்ஜ் 4. சராசரி 6. இந்த விரிசலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவற்றை வேகமாகத் தாண்டிவிடலாம். சப்போர்ட்டுக்கு வெண்டரைக் கேட்டுப் பயனில்லை, அவருடைய பழைய வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும். அதுவும் "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் வரும். "கடைசியாக எப்போது நின்றது, எத்தனை மணி நேரத்தில் ஓடியது, யார் வந்து பார்த்தார்?" என்று கேட்டால் விஷயம் வெளியே வரும். கோவைக்காரரிடம் எல்லாமே ஒரே புரோகிராமரின் தலையில் இருக்கிறது என்பது அப்படித் தெரிந்ததுதான். தரவு விஷயத்தில் சென்னைக்காரர் மொத்த டேட்டாபேஸையே பேக்கப்பாகக் கொடுத்தார், பெங்களூர்க்காரர் பகுதி பகுதியாக எக்செல் கொடுத்தார், கோவைக்காரரிடம் பிடிஎஃப் அறிக்கைகள் மட்டும்தான். லைன் சூப்பர்வைசர் செல்போனில் அன்றாட உற்பத்தியைப் போடுவதில் பெங்களூர்க்காரரை அடிக்க ஆளில்லை.

இப்போது மறுபடி முதலாளியிடம் போனார்கள், வெண்டர் பெயர்கள் இல்லாமல். டெமோவில் அவர் உட்காரவில்லை, அது வேண்டுமென்றே செய்தது. ஐந்து விஷயங்களுக்கும் மோசமான நிலை ஒரு பக்கம், நல்ல நிலை மறுபக்கம் எழுதிய ஒரு தாள். கேள்வி இது: "ஐந்திலும் மோசமான நிலையில் ஒரு சாஃப்ட்வேர் உங்கள் தலையில் கட்டப்பட்டுவிட்டது. ஒன்றே ஒன்றை மட்டும் நல்ல நிலைக்கு மாற்றிக்கொள்ளலாம். எதை மாற்றுவீர்கள்?"

ஜாப்ஒர்க் என்றார் உடனே. ஒரு சீசனில் கணக்கு வராத துணி மட்டும் எழுபதாயிரத்தைத் தாண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஜாப்ஒர்க்குக்கு 100 என்று வைத்துக்கொண்டு, அடுத்ததாக எதை மாற்றுவீர்கள், அந்த மாற்றம் முதல் மாற்றத்தில் எத்தனை பங்கு பெறும் என்று இறங்கிக்கொண்டே வந்தார்கள். சப்போர்ட் 60, எளிமை 40, செலவு 30, தரவு 20. கூட்டினால் 250. ஒவ்வொன்றையும் 250-ஆல் வகுத்தால் சதவீதம் வந்துவிடுகிறது. 40-ல் இருந்த செலவு 12-க்கு இறங்கிவிட்டது. பணத்தின் மீது அவருக்கிருந்த பற்று ஒரு பைசா குறையவில்லை.

| | எடை | கோவை | சென்னை | பெங்களூர் |
|---|---|---|---|---|
| ஜாப்ஒர்க் | 40 | 10 | 6 | 0 |
| சப்போர்ட் | 24 | 4 | 10 | 0 |
| எளிமை | 16 | 0 | 4 | 10 |
| செலவு | 12 | 10 | 5.7 | 0 |
| தரவு | 8 | 0 | 10 | 5 |
| மொத்தம் | 100 | 6.16 | 6.92 | 2.00 |

முதலாளி முதலில் சொன்ன எடைகளை இதே மார்க்குகளுக்குப் போட்டால் கோவை 7.10, சென்னை 6.38. மார்க் ஒன்றுகூட மாறவில்லை, வெற்றி பெற்றவர் மாறிவிட்டார். எடையைக் கடைசியில் தொடுகிறவர் கையில்தான் முடிவு இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மொத்தத்தைப் பார்த்த பிறகு எடையைத் 'திருத்தும்' அலுவலகங்கள் உண்டு. ஏற்கெனவே மனதில் முடிவு செய்த ஆளுக்கு அட்டவணையால் அட்சதை போடுகிற வேலை அது. அரசு டெண்டர்களில் தரத்துக்கும் விலைக்கும் மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை பங்கு எதற்கு என்பதை டெண்டர் ஆவணத்திலேயே அச்சிட்டுவிடுவது இதைத் தடுக்கத்தான்.

அரசு முறையைச் சொன்னதும் இன்னொன்று. அங்கே விலைக்கு மார்க் போடும் வழக்கமான வழி, மிகக் குறைந்த விலையை அவரவர் விலையால் வகுப்பது. அப்படிப் பார்த்தால் 24 லட்சக்காரருக்குப் பத்துக்கு எட்டரை கிடைக்கும், நம் முறையில் சைபர். இரண்டும் தப்பில்லை. ஆனால் எட்டரை கொடுக்கும் அளவுகோலுக்கு வைத்த எடையை, சைபர் கொடுக்கும் அளவுகோலில் அப்படியே ஒட்டினால் விலை பல மடங்கு பேச ஆரம்பித்துவிடும். எடையும் அளவுகோலும் ஒரு ஜோடி, ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்ற வேண்டும்.

இதன் விபரீதம் தெரிய, பெங்களூர்க்காரர் திடீரென்று விலகிக்கொண்டார் என்று வையுங்கள். கடைசி இடத்தில் இருந்த ஆள்தானே, போனால் என்ன? இரண்டு பேர் மட்டும் மிஞ்சினால் ஒவ்வொரு வரியிலும் ஒருவருக்கு 10, மற்றவருக்கு 0. பழைய எடைகளை அப்படியே வைத்துக் கூட்டினால் கோவை 5.2, சென்னை 4.8. தோற்றவர் எழுந்து போனதில் ஜெயித்தவர் தோற்றுவிட்டார்! காரணம், 40 என்ற எடை பெங்களூருக்கும் கோவைக்கும் நடுவில் இருந்த இடைவெளிக்குக் கொடுத்தது. சென்னைக்கும் கோவைக்கும் நடுவில் இருப்பது அதில் பத்துக்கு நாலு பங்குதான், ஆகவே எடையும் 16 ஆக வேண்டும். மற்ற நான்கையும் இப்படிச் சுருக்கிப் பார்த்தால் சென்னை மறுபடி முன்னால் வந்துவிடுகிறது. பட்டியலில் ஒருவர் சேர்ந்தாலும் விலகினாலும், முதலாளியிடம் அந்தக் கேள்வியை மறுபடி கேட்பதுதான் நேர்வழி.

6.92-க்கும் 6.16-க்கும் உள்ள வித்தியாசம் பெரிதா, சிறிதா? எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது, ஆட்டிப் பார்க்க வேண்டும். ஒரு எடையை மட்டும் ஏற்றி, மற்றவற்றை அதே விகிதத்தில் இறக்கி, எந்த இடத்தில் முடிவு புரள்கிறது என்று தேட வேண்டும். செலவின் எடை 12-லிருந்து 25-க்கு மேல் போனால் கோவை ஜெயிக்கும். ஜாப்ஒர்க்கின் எடை 40-லிருந்து ஏறக்குறைய 50-ஐத் தொட்டால் கோவை ஜெயிக்கும். இரண்டையும் முதலாளியிடம் காட்டினார்கள். செலவை இரண்டு மடங்காக்க அவருக்கு மனமில்லை. ஜாப்ஒர்க் ஐம்பதா என்பதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார், பிறகு வேண்டாம் என்றார்.

எடைகளை ஆட்டியதில் அவ்வளவாக அசையாத முடிவு, மார்க்கை ஆட்டியதும் அசைந்துவிட்டது. ஜாப்ஒர்க்கில் சென்னைக்காரரின் 6-ஐ 4 ஆக்கினால் அவர் மொத்தம் 6.12, கோவையை விட ஒரு நூலிழை கீழே. அந்த 4-ஐப் போட்டவர் யார்? ஃபேப்ரிக் இன்சார்ஜ். மூவரில் டையிங் வாசலில் நின்று துணியை எடை போட்டு வாங்குகிறவர் அவர் ஒருவர்தான். அக்கவுண்டன்ட் மாதக் கடைசி அறிக்கையைப் பார்த்து 8 போட்டார். இன்சார்ஜ் அந்த 140 கிலோவைக் கையால் கோர்க்கும்போது எத்தனை திரை திறக்க வேண்டியிருந்தது என்பதைப் பார்த்து 4 போட்டார். 8, 6, 4 என்று மூன்று எண் வந்தால் சராசரி எடுத்து நகர்ந்துவிடுவது வழக்கம். சராசரி அந்த விரிசலை மூடிவிட்டது. ஆட்டிப் பார்த்தபோதுதான், இருபது லட்ச ரூபாய் முடிவு மொத்தமும் அந்த ஒரே மார்க்கின் மேல் நிற்பது தெரிந்தது.

ஆகவே செய்ய வேண்டிய வேலையும் ஒன்றே ஒன்றாகச் சுருங்கியது. பெங்களூர்க்காரரிடம் நன்றி சொல்லிவிடலாம், எந்த ஆட்டத்திலும் அவர் மேலே வரவில்லை. சென்னைக்காரரைக் கூப்பிட்டு, மறு சாய லாட்டை மட்டும் சரியாகக் கட்டித் தர ஒரு வாரம் கொடுத்தார்கள், அதற்குத் தனியாகக் காசும் கொடுத்தார்கள். சோதிப்பவர் இன்சார்ஜ், காகிதம் அதே 552 கிலோ, இந்த முறை மறு சாயத்தில் இன்னும் கொஞ்சம் எடை குறைந்து வருவதாகவும் ஒரு பில் சேர்த்து. வாரம் முடிந்தபோது லாட் தானாகக் கோர்த்துக்கொண்டது, இரண்டாம் தடவை குறைந்த எடை மட்டும் முதல் தடவையோடு கலந்து ஒரே எண்ணாக வந்தது. இன்சார்ஜ் தன் 4-ஐ அடித்துவிட்டு 7 எழுதினார், பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதினார். ஒப்பந்தத்தில் அந்தக் குறிப்பு இப்படி ஏறியது: ஒவ்வொரு தடவையின் பிராசஸ் லாஸும் தனித்தனி வரியாக அறிக்கையில் வந்து, ஃபேப்ரிக் இன்சார்ஜ் கையெழுத்திட்ட பிறகே 12 லட்சத்தில் கடைசி 30 சதவீதம் தரப்படும்.